சராசரி 66 எப்படி வந்தது?

பொறியியல் கல்லூரிகளின் சி மொழி லேபில் பழகிப்போன பயிற்சி ஒன்று உண்டு. ஒரு ஃபைலில் மாணவர்களின் மதிப்பெண்கள் இருக்கும். அவற்றைப் படித்து வகுப்புச் சராசரியைச் சொல்ல வேண்டும். பத்துப் பன்னிரண்டு வரிகளில் முடிகிற வேலை. சரியான ஃபைலைக் கொடுத்தால் சரியான விடை வரும். அப்சர்வேஷன் நோட்டில் கையெழுத்து விழும், பிறகு ரெக்கார்டில் ஏறும்.

அதே நிரலைப் பக்கத்து இருக்கை மாணவியிடம் கொடுத்து, படித்துவிட்டுக் கருத்து எழுதச் சொன்னால் என்ன எழுதுவார்? பெரும்பாலும் இரண்டு குறைகள் அவர் கண்ணில் படும். ஒன்று, ஃபங்ஷன்கள் திருப்பித் தரும் மதிப்பை, அதாவது ரிட்டர்ன் வேல்யூவை, நிரல் பார்க்கவே இல்லை. இன்னொன்று, பெயர்களைப் படித்தால் எது எதற்கென்று விளங்கவில்லை. மென்பொருள் நிறுவனங்களில் ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் படித்துக் கருத்துச் சொல்வது அன்றாட வேலை. 'கோட் ரிவ்யூ' என்பார்கள். அங்கேயும் இந்த இரண்டு குறைகளும் ஓயாமல் வருகின்றன.

"ரிட்டர்ன் வேல்யூ செக் பண்ணல. பேரெல்லாம் புரியல" என்று எழுதிக் கொடுத்தால் கருத்து சரிதான். ஆனால் எழுதிய மாணவருக்கு அதிலிருந்து ஒன்றும் கிடைக்காது. எந்த வரியில், எந்த ஃபைலைக் கொடுத்தால், என்ன தப்பாக நடக்கிறது என்று தெரிந்தால்தான் அவரால் திருத்த முடியும். அதற்கு, பார்ப்பவர் நிரலை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். மாதிரிக்கு ஒரு நிரலை எடுத்துக்கொண்டு, அந்தக் கருத்து எப்படி உருவாகிறது என்று தொடக்கத்திலிருந்து பார்க்கலாம்.

```c
int fun(char *s)
{
    FILE *f;
    int i, n, m, t = 0;
    f = fopen(s, "r");
    fscanf(f, "%d", &n);
    for (i = 0; i < n; i++) {
        fscanf(f, "%d", &m);
        t = t + m;
    }
    return t / n;
}
```

ஃபைலின் முதல் எண் எத்தனை மாணவர்கள் என்பதைச் சொல்கிறது. அதன் பிறகு வருபவை மதிப்பெண்கள். எழுதிய மாணவர் சோதித்துப் பார்த்த ஃபைலில் 5 என்றும், அடுத்து 78, 64, 82, 91, 55 என்றும் இருந்தன. கூட்டினால் 370. ஐந்தால் வகுத்தால் 74. நிரலும் 74 என்றே சொன்னது.

பதிலைக் கேட்காத மூன்று இடங்கள்

சி மொழி 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கியது. அதற்குப் பின் வந்த ஜாவா, பைத்தான் போன்ற மொழிகளில், ஃபைலைத் திறக்க முடியாவிட்டால் நிரல் அந்த இடத்திலேயே நின்று பிழைச் செய்தியைக் காட்டும். சி அப்படி நிற்காது. வேலை முடிந்ததா இல்லையா என்பதை ஃபங்ஷன் ஒரு மதிப்பாகத் திருப்பித் தரும், அவ்வளவுதான். முன்பு பதிவுத் தபாலோடு இணைத்து அனுப்பிய ஒப்புகை அட்டை போன்றது அது: திரும்பி வந்த அட்டையை எடுத்துப் பார்த்தால்தான் தபால் போய்ச் சேர்ந்ததா என்று தெரியும். பார்க்காவிட்டால் சி மொழி யாரையும் தடுக்காது. அடுத்த வரிக்குப் போய்விடும்.

மேலே உள்ள நிரலில் இப்படிப் பார்க்காமல் விட்ட இடங்கள் மூன்று.

ஐந்தாம் வரியில் `fopen`. ஃபைலைத் திறக்க முடியாவிட்டால் இது `NULL` என்ற வெற்று முகவரியைத் தரும். நிரல் அதைச் சோதிக்காமல் அப்படியே `fscanf`-இடம் கொடுக்கிறது. லினக்ஸ் கணினியில் பெரும்பாலும் `Segmentation fault` என்று நிரல் விழுந்துவிடும். பார்க்க மோசமாக இருந்தாலும், ஏதோ கெட்டுப்போயிற்று என்பதாவது உடனே தெரிகிறது.

ஆறாம் வரியில் முதல் `fscanf`. ஃபைல் காலியாக இருந்தால் `n`-இல் எதுவும் எழுதப்படாது. அந்த வேரியபிளுக்குத் தொடக்க மதிப்பும் கொடுக்கவில்லை. ஆகவே அந்த இடத்தில் நினைவகத்தில் ஏற்கெனவே என்ன கிடந்ததோ அதுதான் மாணவர் எண்ணிக்கை. அது பூஜ்யமாக இருக்கலாம், பல லட்சமாகவும் இருக்கலாம். ஒரே நிரல் ஒரு கணினியில் சட்டென்று முடிந்து, இன்னொன்றில் நெடுநேரம் ஓடிக்கொண்டே இருப்பது இப்படித்தான்.

எட்டாம் வரியில் இரண்டாவது `fscanf`. மூன்றில் இதுதான் மோசமானது. காரணம், இது தவறும்போது நிரல் விழுவதும் இல்லை, நின்றுபோவதும் இல்லை. ஒரு விடையைச் சொல்லிவிட்டு முடிகிறது.

AB என்ற இரண்டெழுத்து

தேர்வுக்கு வராதவருக்கு மதிப்பெண் பட்டியலில் AB என்று போடுவது வழக்கம். சோதனை ஃபைலில் மூன்றாவது மதிப்பெண்ணான 82-ஐ எடுத்துவிட்டு அந்த இடத்தில் AB போட்டால் ஃபைல் இப்படி இருக்கும்.

```
5
78 64 AB 91 55
```

நிரலை ஓட்டினால் சராசரி 66 என்று வருகிறது. நம்பத் தகுந்த எண்தான். வகுப்புச் சராசரி 66 என்றால் யாரும் புருவம் உயர்த்தமாட்டார்கள். ஆனால் இந்த ஐந்து பதிவுகளிலிருந்து நியாயமான எந்தக் கணக்கிலும் 66 வராது.

நடந்தது இதுதான். முதல் சுற்றில் `m`-க்குள் 78 வந்தது. இரண்டாம் சுற்றில் 64. மூன்றாம் சுற்றில் `fscanf` ஓர் எண்ணை எதிர்பார்த்துப் போகிறது, A என்ற எழுத்து எதிரே நிற்கிறது. எண் இல்லை என்று தெரிந்ததும் அந்த எழுத்தை ஃபைலிலேயே விட்டுவிட்டு, `m`-ஐத் தொடாமல், 0 என்ற பதிலோடு திரும்புகிறது. எத்தனை மதிப்புகளைப் படித்தேன் என்பதுதான் `fscanf` தரும் பதில். 0 என்றால் ஒன்றும் படிக்கவில்லை. அந்தப் பதிலை யாரும் கேட்கவில்லை. `m`-இல் பழைய 64 அப்படியே இருக்கிறது, அது மறுபடி கூட்டப்படுகிறது.

நான்காம் சுற்றிலும் அதே A. அது இடத்தைவிட்டு நகரவில்லை. ஐந்தாம் சுற்றிலும் அதே கதை. பின்னால் இருக்கும் 91-ஐயும் 55-ஐயும் நிரல் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆக, கூட்டியது 78 + 64 + 64 + 64 + 64. மொத்தம் 334. ஐந்தால் வகுத்தால் 66.8. `int` வகையில் புள்ளிக்குப் பின்னால் இருப்பது வெட்டப்படுவதால் 66.

கருத்து எழுதும் மாணவி முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். `fopen`-ஐச் சோதிக்க வேண்டும் என்று பாடப்புத்தகமே சொல்லிவிடுவதால் பலரும் அதை மட்டும் சுட்டிக்காட்டி முடித்துவிடுகிறார்கள். விழுந்துவிடும் நிரலை அடுத்த நாளே யாராவது கவனித்துத் திருத்துவார்கள். 66 என்று சொல்லும் நிரலை யாரும் கவனிக்கமாட்டார்கள்.

கம்பைலர் சொல்வதும் சொல்லாததும்

இதையெல்லாம் கம்பைலரே சொல்லிவிடாதா என்று கேட்கத் தோன்றும். பாதி சொல்லும், அதுவும் கேட்டால்தான். லேபில் வழக்கமாக அடிக்கும் `gcc marks.c` என்ற கட்டளைக்கு எந்த எச்சரிக்கையும் வராது. உபுண்டு லினக்ஸில் `gcc -Wall -O2 marks.c` என்று கொடுத்தால் இரண்டு `fscanf` வரிகளுக்கும் `ignoring return value` என்று தொடங்கும் எச்சரிக்கை வரும். பதிலை வீணாக்கக் கூடாத ஃபங்ஷன்கள் இவை என்று சி நூலகத்தை எழுதியவர்கள் குறித்துவைத்திருக்கிறார்கள். `-O2` போன்ற தேர்வைக் கொடுக்கும்போதுதான் அந்தக் குறிப்பு செயல்படுகிறது.

ஆனால் `fopen` வரிக்கு அப்போதும் எச்சரிக்கை இல்லை. அதன் பதில் `f` என்ற வேரியபிளில் போடப்பட்டுவிட்டது. இந்த எச்சரிக்கையைப் பொறுத்தவரை அது வீணாகவில்லை. வாங்கி வைத்த பதிலை யாராவது திறந்து பார்த்தார்களா என்பது அதற்குத் தெரியாது. அந்த இடத்தை மனிதக் கண்தான் பிடிக்க வேண்டும்.

அரைகுறையாகச் சோதிப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. `fscanf` மூன்று விதமாகப் பதில் தரும். ஓர் எண்ணைப் படித்தால் 1, எண்ணுக்குப் பதில் வேறு எழுத்து எதிர்ப்பட்டால் 0, ஃபைல் முடிந்துபோயிருந்தால் `EOF` என்ற எதிர்ம மதிப்பு. `EOF` வரும்வரை படி என்று மட்டும் எழுதினால், AB-க்குக் கிடைப்பது 0 என்பதால் நிரல் அதைத் தவறாகக் கருதாது. A-யின் முன்னாலேயே நின்றுகொண்டு முடிவில்லாமல் சுற்றும். அதனால் "சோதிக்கவும்" என்று எழுதினால் போதாது. 1 வந்ததா என்று சோதிக்கவும், 1 இல்லையென்றால் அது பிழை என்று எழுத வேண்டும்.

n என்ற பெயருக்குள் இரண்டு எண்கள்

பெயர்களைப் பற்றிய கருத்து பெரும்பாலும் ரசனைச் சண்டையாக முடிந்துவிடுகிறது. ஒருவருக்கு நீளமான பெயர் பிடிக்கும், இன்னொருவருக்குச் சின்னப் பெயர் பிடிக்கும். அப்படி ஆகாமல் இருக்க வேண்டுமானால், எந்தப் பெயர் படிப்பவரை எங்கே தவறான வழியில் கொண்டுபோகிறது என்று காட்ட வேண்டும்.

இந்த நிரலில் `i`-யை மாற்றத் தேவையில்லை. நான்கு வரி லூப்பில் எண்ணிக்கைக்கு `i` வைப்பது சி எழுதுகிற எல்லாருக்கும் பழக்கம். அதை `loop_index` ஆக்கச் சொல்வது வெறும் இம்சை. `f` என்பதும் பிறந்த இடத்துக்குப் பக்கத்திலேயே வேலை முடிந்து போய்விடுகிறது. `m`, `t` இரண்டும் `mark`, `total` என்று இருந்தால் நல்லது. இருந்தாலும் அவற்றால் பெரிய குழப்பம் இல்லை.

`fun` அப்படி இல்லை. இது வேறொரு இடத்தில், `main`-க்குள், `a = fun("marks.txt")` என்று அழைக்கப்படுகிறது. அங்கே படிப்பவர் கண்ணில் ஃபங்ஷனின் உடல் இல்லை. பெயர் மட்டும்தான் இருக்கிறது. ஒரு பெயர் எழுதப்பட்ட இடத்துக்கும் பயன்படும் இடத்துக்கும் எவ்வளவு தூரமோ, அவ்வளவுக்கு அது விளக்கமாக இருக்க வேண்டும். `class_average` என்று வைத்தால் அழைக்கும் வரியே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடும்.

சி நூலகத்தில் `strcpy`, `atoi` என்று சுருக்கெழுத்துப் பெயர்கள் இருப்பதைக் காட்டி, தானும் அப்படி வைக்கலாமே என்று எழுதிய மாணவர் கேட்கலாம். அந்தப் பெயர்கள் ஒரு நெருக்கடியில் பிறந்தவை. 1989-இல் வந்த முதல் சி தரநிலை, பல ஃபைல்களுக்குப் பொதுவான பெயர்களில் முதல் 6 எழுத்துகளை மட்டுமே வேறுபடுத்தினால் போதும் என்று கம்பைலர்களுக்கு விட்டுக்கொடுத்தது. அன்றைய கணினிகளின் இணைப்பு மென்பொருள்களில் சில அதற்கு மேல் தாங்கவில்லை. 1999-இன் தரநிலை அதை 31 எழுத்துகளாக உயர்த்தியது. இன்று லேபில் எழுதுபவருக்கு அந்த நெருக்கடி கிடையாது.

மிச்சம் இருப்பது `n`. இந்த நிரலின் மிக முக்கியமான பெயர் அதுதான். `n` என்றால் என்ன? ஃபைலின் முதல் வரி சொல்லும் எண்ணிக்கையா? உண்மையில் படித்த மதிப்பெண்களின் எண்ணிக்கையா? தேர்வு எழுதியவர்களின் எண்ணிக்கையா? ஐந்து எண்களும் ஒழுங்காக இருந்தால் மூன்றும் 5. ஒரு AB வந்ததும் முதலாவது 5, மற்ற இரண்டும் 4. லூப் சுற்ற வேண்டியது ஒன்றை வைத்து, வகுக்க வேண்டியது இன்னொன்றை வைத்து. எல்லாவற்றுக்கும் ஒரே `n` இருப்பதால், அவை வேறு வேறு என்ற எண்ணமே எழுதியவருக்கு வராமல் போயிற்று. லூப்புக்கான எண்ணை `listed` என்றும், தேர்வு எழுதியவர் எண்ணிக்கையை `present` என்றும் வைத்திருந்தால், வகுக்கும் வரிக்கு வரும்போதே எதால் வகுப்பது என்ற கேள்வி எழுந்திருக்கும்.

இரண்டு குறைகளும் இந்த இடத்தில் ஒன்றுசேர்கின்றன. `fscanf`-இன் பதிலைப் பார்க்கத் தொடங்கினால், படித்தது எத்தனை என்று தனியாக எண்ண வேண்டி வரும். தனியாக எண்ணினால் அதற்குத் தனிப் பெயர் வேண்டும்.

கருத்தை எழுதும் முறை

நிரலை முறையாக உட்கார்ந்து படித்துப் பிழை தேடும் வழியை ஐ.பி.எம். நிறுவனத்தின் மைக்கேல் ஃபேகன் 1976-இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். படிக்கும் கூட்டத்தில் பிழையைக் கண்டுபிடிப்பது மட்டுமே வேலை, திருத்துவது பிறகு எழுதியவரின் வேலை என்று அதில் பிரித்துவைத்தார். கிடைத்த பிழைகளை வைத்து எழுதியவரின் திறமையை அளக்கக் கூடாது என்றும் வலியுறுத்தினார். லேபில் எழுதும் கருத்துக்கும் இந்த இரண்டும் அப்படியே பொருந்தும். முழு நிரலையும் திருத்தி எழுதிக் கொடுத்துவிட்டால் எழுதிய மாணவருக்குக் கற்க ஒன்றும் இல்லை. "நீ எப்பவும் செக் பண்ணவே மாட்ட" என்று எழுதினால் அது நிரலைப் பற்றிய கருத்து இல்லை.

வகுப்புத் தோழர்கள் என்பதால் 'நீ' என்றே எழுதலாம். மேலே பார்த்த நிரலுக்கு மாணவி எழுதும் கருத்து இப்படி இருக்கலாம்:

"8-ஆவது வரி: மூணாவது மதிப்பெண்ணுக்குப் பதிலா AB போட்டு ஓட்டிப் பார்த்தேன். 66 வருது. AB-யில `fscanf` 0 திருப்பிக் கொடுக்குது, `m`-ல பழைய 64 அப்படியே இருக்கு, அதையே மறுபடி மறுபடி கூட்டுது. 91, 55 ரெண்டையும் படிக்கவே இல்ல. `!= 1`-ன்னு செக் பண்ணணும். வராதவங்களை என்ன பண்ணணும்னு கேள்வியில சொல்லியிருக்கா? 0-ன்னு எடுத்துக்கணுமா, விட்டுடணுமா? அதை நீதான் முடிவு பண்ணணும்.

"6-ஆவது வரி: ஃபைல் காலியா இருந்தா `n`-ல என்ன இருக்கும்னே தெரியாது. இதுக்கும் அதே செக்.

"5-ஆவது வரி: ஃபைல் பேரைத் தப்பாக் கொடுத்தேன், `Segmentation fault` வந்துச்சு. `NULL`-ஆன்னு பார்த்துட்டு `perror` போட்டா, ஃபைல் இல்லன்னு அதுவே சொல்லிடும். முடிக்கும்போது `fclose` இல்ல.

"`n`: லூப்புக்கும் இதுதான், வகுக்கவும் இதுதான். AB இருந்தா ரெண்டும் வேற வேற எண். ரெண்டு பேரா பிரிச்சிடு. `fun`-க்கு `class_average` மாதிரி ஏதாவது வை. `main`-ல படிக்கும்போது என்னன்னு புரியல. `i`, `f` அப்படியே இருக்கட்டும்."

இந்தக் கருத்தில் ஒவ்வொரு குறையோடும் ஒரு வரி எண்ணோ ஒரு பெயரோ இருக்கிறது. முக்கியமான இடங்களில் எதைக் கொடுத்தார், என்ன வந்தது என்பதும் இருக்கிறது. எழுதிய மாணவர் நம்பாவிட்டால் அதே ஃபைலைக் கொடுத்துத் தானே பார்த்துக்கொள்ளலாம். வரிசையும் நிரலின் வரிசை இல்லை, ஆபத்தின் வரிசை. வராதவரை எப்படிக் கணக்கில் கொள்வது என்பதை மட்டும் அவர் தீர்ப்பாகச் சொல்லாமல் கேள்வியாக விட்டிருக்கிறார். காரணம், அது சி மொழி சார்ந்த கேள்வி இல்லை. வராதவரை விட்டுவிட்டால் 288-ஐ நான்கால் வகுத்து 72. பூஜ்யம் என்று எடுத்தால் 288-ஐ ஐந்தால் வகுத்து 57.6. எது வேண்டும் என்பது பயிற்சியைக் கொடுத்த ஆசிரியரைக் கேட்டு முடிவாக வேண்டியது.

லேபுக்கு வெளியே

பார்க்காமல் விட்ட ஒரு பதில் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2010-இல் ஆண்ட்ராய்டு போன்களில் நடந்தது சாட்சி. போனைக் கணினியோடு இணைக்கும்போது போனுக்குள் `adbd` என்ற நிரல் ஓடும். தொடங்கும்போது அதற்கு 'ரூட்' எனப்படும் முழு அதிகாரம் இருக்கும். ஆரம்ப வேலைகளை முடித்ததும் `setuid` என்ற ஃபங்ஷனை அழைத்து, அதிகாரம் குறைந்த பயனராகத் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும். `setuid` வெற்றி பெற்றால் 0 தரும், தோற்றால் -1 தரும். அன்றைய `adbd` அந்தப் பதிலைப் பார்க்கவில்லை. அதிகாரத்தைக் குறைத்துக்கொள்வது எப்படித் தோற்கும் என்று எழுதியவர்கள் நினைத்திருக்கலாம்.

லினக்ஸில் ஒரு பயனர் ஒரே நேரத்தில் இத்தனை நிரல்களைத்தான் ஓட்டலாம் என்ற வரம்பு உண்டு. அந்த வரம்பை எட்டும்வரை அதே பயனர் பெயரில் நிரல்களைக் கிளப்பிவிட்டு, பிறகு `adbd`-ஐ மறுபடி தொடங்கவைத்தால் என்ன ஆகும் என்று ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் செய்து காட்டினார். அந்தப் பயனருக்கு இடமே இல்லாததால் `setuid` தோற்றது. -1 திரும்பியது. `adbd` அடுத்த வரிக்குப் போய், முழு அதிகாரத்தோடு தொடர்ந்து ஓடியது. போனின் உரிமை கையில் வந்துவிட்டது. பின்னர் பதிலைச் சோதிக்கும் வரி சேர்க்கப்பட்டது. 2011-இல் வந்த லினக்ஸ் 3.1, இந்த வரம்பைக் காரணம் காட்டி `setuid` தோற்காதபடி உள்கட்டமைப்பையே மாற்றியது. லினக்ஸின் கையேட்டில் `setuid` பக்கம், இதன் பதிலைச் சோதிக்காமல் விடுவது கடுமையான பாதுகாப்புப் பிழை என்று இன்றும் எச்சரிக்கிறது.

அதற்காக எல்லா ஃபங்ஷன்களின் பதிலையும் சோதித்தே ஆக வேண்டும் என்று இல்லை. `printf`-கூட எத்தனை எழுத்துகளை எழுதினேன் என்று ஒரு பதில் தருகிறது. திரையில் சராசரியைக் காட்டும் லேப் நிரலில் அதைச் சோதிக்கச் சொன்னால் கருத்து நீளுமே தவிரப் பயன் இருக்காது. படித்து முடித்த ஃபைலை மூடும் `fclose`-உம் அப்படித்தான். ஆனால் எழுதுவதற்காகத் திறந்த ஃபைல் என்றால் `fclose`-இன் பதில் முக்கியம். எழுதியவை நினைவகத்தில் சேர்ந்திருந்து, மூடும் நேரத்தில்தான் டிஸ்க்குக்குப் போகலாம். டிஸ்க் நிறைந்திருந்தால் அது தெரியவருவதும் அப்போதுதான். இந்த அழைப்பு தோற்றால் அடுத்த வரி எதை நம்பி ஓடும் என்று கேட்டுப் பார்த்தால், எதைச் சோதிப்பது, எதை விடுவது என்பது விளங்கிவிடும்.

திருத்தி வந்தபின்

கருத்தைப் படித்ததும் எழுதிய மாணவருக்கு எளிதாகத் தோன்றும் வழி, மதிப்பெண்ணை எழுத்தாகப் படித்து `atoi` மூலம் எண்ணாக்குவது. அதில் ஒரு கண்ணி இருக்கிறது. `atoi` எண் அல்லாத எதைக் கொடுத்தாலும் 0 தரும், உண்மையான 0-க்கும் 0 தரும். இரண்டையும் பிரித்தறிய வழியே இல்லை. AB என்பது சத்தமில்லாமல் பூஜ்யமாகி, சராசரி 57 என்று வரும். தோல்வியைச் சொல்வதற்கு அந்தப் பதிலில் இடமே வைக்கவில்லை. `strtol` அப்படி இல்லை. எந்த எழுத்து வரை எண்ணாகப் படித்தேன் என்பதையும் சொல்கிறது.

`fun`-க்கும் அதே சிக்கல் உண்டு. சராசரியையே திருப்பித் தந்தால், ஃபைல் இல்லாதபோது எதைத் திருப்புவது? 0 என்பதும் ஒரு சராசரிதான். அதனால் வெற்றியா தோல்வியா என்பதைத் திருப்பித் தந்துவிட்டு, சராசரியை முகவரி வழியாகத் தனியே கொடுப்பது சி-யில் பலரும் செய்யும் ஏற்பாடு. ஆசிரியரைக் கேட்டு, வராதவரை விட்டுவிடுவது என்று முடிவானால், திருத்திய நிரலின் நடுப்பகுதி இப்படி வரும். `fail` என்பது பிழைச் செய்தியை எழுதி, ஃபைலை மூடி, -1 தரும் சிறு ஃபங்ஷன். `word` 16 எழுத்து இடம் கொண்டது.

```c
for (i = 0; i < listed; i++) {
    if (fscanf(f, "%15s", word) != 1)
        return fail(f, path, i + 1);
    if (strcmp(word, "AB") == 0)
        continue;
    mark = strtol(word, &end, 10);
    if (*end != '\0')
        return fail(f, path, i + 1);
    total = total + mark;
    present++;
}
fclose(f);
*average = total / present;
return 0;
```

மாணவி தன் பழைய ஃபைல்களை மறுபடி கொடுக்கிறார். ஐந்தும் எண்ணாக இருந்தால் 74. AB இருந்தால் 72. ஃபைல் இல்லாவிட்டாலும், காலியாக இருந்தாலும் பிழைச் செய்தி வருகிறது. AB-க்குப் பதிலாக XY என்று கொடுத்தால் மூன்றாவது பதிவைப் படிக்க முடியவில்லை என்று சொல்லி நிற்கிறது.

பிறகு கடைசி வரிகளைப் படிக்கிறார். முன்பு `t / n` என்று இருந்தபோது கேட்கத் தோன்றாத ஒன்று, `total / present` என்று படித்ததும் தோன்றுகிறது: யாருமே தேர்வு எழுதாவிட்டால்? ஐந்து இடத்திலும் AB போட்டு ஓட்டுகிறார். எல்லா `fscanf`-உம் 1 திருப்புகிறது, ஒரு சோதனையிலும் சிக்கவில்லை, `present` மட்டும் 0. பூஜ்யத்தால் வகுக்கப் போய் நிரல் விழுகிறது. முழு எண் கணக்கே ஆனாலும் லினக்ஸ் திரையில் `Floating point exception` என்று காட்டுகிறது. 78-க்குப் பதிலாக 780 என்று கொடுத்தும் பார்க்கிறார். அதையும் நிரல் மதிப்பெண்ணாக ஏற்றுக்கொள்கிறது. படித்தது ஓர் எண் என்பதைத்தான் ரிட்டர்ன் வேல்யூ சொல்லும், அது 100-க்குள் இருக்க வேண்டும் என்பது அதற்குத் தெரியாது.

இரண்டாம் சுற்றுக் கருத்தில் அவர் எழுத இவை இரண்டும்தான் மிச்சம்.